வலது கை மட்டும் ஏன் எரிகிறது?

*டாக்டர் சார், என் வீட்டுக்காரருக்கு 54 வயது. குட்டி யானை வண்டி ஓட்டுகிறார். கத்தரிக்காய், தக்காளி ஏற்றிப்போய் வேலூர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு மதியம் திரும்புவார். ஒரு மாதமாக வலது கை, வலது கன்னம், பின்கழுத்து எல்லாம் சிவந்து அரிக்கிறது, எரிகிறது. இப்போது கறுத்து, தோல் சொரசொரப்பாகிவிட்டது. இடது கையில் கொஞ்சம்தான். 'வேலூர் வெயில்னா அப்படித்தான்' என்கிறார். காட்டோரம் பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிறது, அதுதான் காரணம் என்கிறான் என் தம்பி. பி.பி., சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை போடுகிறார். பி.பி. மாத்திரையை பிப்ரவரியில் மாற்றிக் கொடுத்தார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்தால் கருமை போகும் என்கிறார் மாமியார். தேய்க்கலாமா?*
*— ஒரு வாசகி, அணைக்கட்டு வட்டம்*

எலுமிச்சம்பழம் வேண்டாம். அதை முதலில் நிறுத்தி வையுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது 'இடது கையில் கொஞ்சம்தான்' என்ற வரி. தோல் மருத்துவத்தில் புண் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதுபோலவே, எங்கே இல்லை என்பதையும் தேடிப் பார்ப்போம். உங்கள் வீட்டில் இரண்டு பேர் இரண்டு காரணம் சொல்கிறார்கள், நீங்கள் எழுதிய மாத்திரையையும் சேர்த்தால் மூன்று. மூன்றுமே தோலில் வேறு வேறு கோலம் போடும். அந்தக் கோலத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது.

முதலில் வெயில். வெறும் வெயில் சுட்டது என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. வெயிலில் நின்ற நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் தோல் சூடாகி எரிய ஆரம்பிக்கும். மறுநாள் அது உச்சத்துக்குப் போகும், சட்டை உரசினாலே வலிக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, தொட்டால் காந்தும். பிறகு இறங்கி, ஒரு வாரத்துக்குள் தோல் உரிந்து, கறுத்து அடங்கிவிடும். அதில் எரிச்சலும் வலியும்தான் முன்னால் நிற்கும். மாதக்கணக்கில் அரித்து, தோல் தடித்துச் சொரசொரப்பாவது அதன் குணம் இல்லை.

இன்னொன்று. சன்பர்ன் பெரும்பாலும் பழக்கமில்லாத தோலுக்கு வருவது. வருஷம் முழுக்க ஏசி அறையில் இருந்துவிட்டு ஒருநாள் ஏலகிரியில் மதியம் முழுக்கச் சுற்றினால் வரும். அன்றாடம் வண்டி ஓட்டுகிறவரின் கை ஏற்கெனவே கறுத்து, மேல்தோல் கொஞ்சம் தடித்து, தானே ஒரு குடை பிடித்துக்கொண்டிருக்கும். அதே ரோடு, அதே வண்டி, அதே கத்திரி வெயில். இத்தனை வருஷம் சும்மா இருந்த கை திடீரென்று இந்த வருஷம் கோபித்துக்கொண்டால், வெயில் மாறவில்லை, வேறு ஏதோ புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் நான் யோசிப்பேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது, வெயில் இல்லாமல் இது வந்திருக்காது. ஆனால் தீக்குச்சி மட்டும் இருந்தால் வீடு எரியாது, பக்கத்தில் வைக்கோலும் இருக்க வேண்டும். அந்த வைக்கோல் எது என்பதுதான் கேள்வி.

இன்று ராத்திரி அவரை ட்யூப் லைட்டுக்கு அடியில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். நிதானமாக நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

தாடையை நன்றாக மேலே தூக்கச் சொல்லி, தாடைக்கு அடியில் தொண்டைப் பக்கம் பாருங்கள். தாடையின் நிழலே அந்த இடத்துக்குக் குடை. கன்னமும் கழுத்தும் கறுத்திருக்க, தாடைக்கு அடியில் மட்டும் ஒரு முக்கோணம் பழைய நிறத்திலேயே இருந்தால் இது வெளிச்சத்தால் வந்தது. அடுத்து காது மடலை முன்பக்கம் மடக்கிப் பின்புறம் பாருங்கள். அதுவும் நிழல் இடம். பிறகு கண்ணை மூடச் சொல்லி மேல் இமையைப் பாருங்கள். விழித்திருக்கும்போது இமை மடிந்து, புருவத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும். வெயில் அங்கே அவ்வளவாக எட்டாது. கடைசியாகக் கையைப் பாருங்கள். அரைக்கைச் சட்டையின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நிற்கிறதா? முழங்கையின் மடிப்பும் கையின் உள்பக்கமும் தப்பித்து, வெளிப்பக்கம் மட்டும் பாதித்திருக்கிறதா? வாட்ச், காப்பு, சாமிக் கயிறு ஏதாவது இருந்தால் அதைத் தள்ளிவிட்டு அடியில் பாருங்கள்.

இந்த நிழல் இடங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தால் உங்கள் தம்பியின் சந்தேகம் வலுவிழந்துவிடும். பார்த்தீனியம் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். அந்தச் செடியின் தூளும் காய்ந்த துணுக்கும் காற்றில் பறந்து வந்து உட்காரும். தூசிக்கு நிழல் வெயில் என்ற பேதம் கிடையாது, சொல்லப்போனால் வியர்வை தேங்கும் மடிப்பில்தான் அது அதிகம் தங்கும். அதனால் மேல் இமை வீங்கும், காதுக்குப் பின்னால் வெடிக்கும், தாடைக்கு அடியிலும் கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் அரித்துத் தடிக்கும். நிலக்கடலைக்குக் களை எடுக்கப் போகும் ஒரு அம்மா முன்பு என்னிடம் வந்தார். காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றார். இரண்டு இமையும் வீங்கி, இரண்டு முழங்கை மடிப்பும் நீர் கசிந்துகொண்டிருந்தது. வெயில் படாத இடங்களே அவருக்கு முதலில் கெட்டிருந்தன. அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே வரப்பில் என்ன செடி முளைத்திருக்கிறது என்பதுதான். அதோடு, பார்த்தீனியம் வலது பக்கம், இடது பக்கம் என்று ஆள் பார்த்து வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பார்த்தீனியம் வருஷக்கணக்கில் ஒருவரைப் படுத்தினால், நாளடைவில் அவர் தோல் வெயிலுக்கே ஒவ்வாமல் போய்விடுவதுண்டு. அப்போது இந்தக் கோலங்கள் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும், கண்ணால் மட்டும் பிரிக்க முடியாது. ஒரு மாதக் கதைக்கு அந்தக் குழப்பம் இருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, அப்புறம் ஏன் வலது பக்கம்? நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்க ஜன்னலோரம் உட்காருகிறார். வலது முழங்கை ஜன்னல் மேல், வலது கன்னம் வெளிச்சத்தில். இடது கை வண்டியின் நிழலுக்குள் கியரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கேதான் மருந்தின் குணம் புரிய வேண்டும். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து இரண்டு கைக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. தொடைத் தோலிலும் அது இருக்கிறது, முதுகிலும் இருக்கிறது. ஆனால் வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் அது முறுக்கிக்கொள்ளும். சில மருந்துகளின் மூலக்கூறுகள் தோலுக்குள் இருக்கும்போது புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அந்தச் சக்தியை அக்கம்பக்கத்துச் செல்களின் மேல் கொட்டிவிடும். அப்படி நடந்தால் அது ஒரு மிகையான சன்பர்ன் போல இருக்கும், சில மணி நேரத்திலேயே எரியும். வேறு சில சமயம் வெளிச்சம் பட்டு மருந்து உருமாறி, உடம்பு அதை அந்நியனாகப் பார்த்துச் சண்டைக்குப் போகும். அப்போது ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்புமாக எக்ஸிமா போல வரும், சில பேருக்கு மூடிய இடத்துக்கும் கொஞ்சம் பரவும். நீங்கள் எழுதியதில் அரிப்பும் சொரசொரப்பும் இருப்பதால் இரண்டாவதன் வாடை அடிக்கிறது. ஒரே மருந்து இரண்டு விதமாகவும் செய்யலாம்.

எந்த மருந்து? பிப்ரவரியில் மாற்றிய பி.பி. மாத்திரையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் தனியாக எச் என்ற ஆங்கில எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற மருந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எழுத்து இல்லாவிட்டாலும் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்துகளின் பெயர் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். இது உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. நல்ல மருந்து, பல லட்சம் பேர் தொந்தரவில்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் வெயிலில் தோலைக் கெடுக்கும் மருந்துகளின் பட்டியலில் இதற்கு வெகுநாளாகவே இடம் உண்டு. பிப்ரவரியில் தொடங்கிய மருந்து, வெயில் ஏறிய பிறகு வந்த அரிப்பு, வலது ஜன்னல். மூன்றும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. சர்க்கரை மாத்திரைகளிலும் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சிலது எப்போதாவது இப்படிச் செய்யும். ஆனால் ரொம்ப வருஷமாகச் சாப்பிடுவதைவிடப் புதிதாக வந்ததைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முதலில்தான் என்கிறேன், ஏனென்றால் பழைய மருந்தும் சில சமயம் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் தாமதமாகக் கிளம்புவதுண்டு.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். ஓட்டுநர்கள் முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரைகளை மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாப்ராக்சன், பைராக்சிகாம் இரண்டும் வெயிலோடு சேர்ந்தால் வம்பு. கீட்டோபுரோஃபென் ஜெல் என்றால் தடவிய இடத்திலேயே வெடிக்கும், நிறுத்திய பிறகும் சில வாரம் அந்த இடத்துக்கு வெயில் ஆகாது. நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினும் அப்படித்தான், முகத்தையும் புறங்கையையும் சுட்டு, சில பேருக்கு நகத்தையே அடியிலிருந்து தூக்கிவிடும். காய்ச்சலுக்கு அது அவசியமான மருந்து, அதனால் நாங்கள் அந்த நாட்களில் வெயிலில் போகாதீர்கள் என்றுதான் சொல்வோம்.

நீங்களாக பி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் தோல் சரியாக வேண்டும் என்று மாத்திரையை விட்டுவிட்டு, பி.பி. ஏறிப்போய் பக்கவாதத்தோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அட்டைகள் எல்லாவற்றையும், மெடிக்கல் கடை மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே போங்கள். 'வெயில் பட்ட இடத்தில் மட்டும் வருகிறது, தாடைக்கு அடியில் இல்லை, இதில் தயாசைடு இருக்கிறது, வேறு மாற்ற முடியுமா' என்று கேளுங்கள். அந்த ஒரு மருந்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு வகை கொடுப்பது பெரும்பாலும் சுலபம். குளோர்தாலிடோன், இண்டாபமைடு இரண்டும் இதற்குச் சொந்தக்காரர்கள்தான், அதனால் மாற்றும்போது அவை பக்கமும் போகாமல் இருப்பது நல்லது என்று நான் எழுதியதாகச் சொல்லுங்கள்.

வண்டியில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று அவர் நினைக்கலாம். போதாது. தோலைச் சுடுகிற பி வகைப் புற ஊதாக் கதிரை சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். மருந்தோடு சேர்ந்து வம்பு செய்கிற ஏ வகையோ பக்கக் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, அது நன்றாகத் தடுக்கும். இதுவே உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும்கூட. கண்ணாடி ஏற்றியே ஓட்டிய நாளிலும் எரிந்தது என்று அவர் சொன்னால், அது வெறும் வெயில் சுட்டதாக இருக்க முடியாது. கைக்கு நெருக்கமாக நெய்த முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற மெல்லிய துணி உபயோகமில்லை. சன்ஸ்கிரீன் வாங்குவதானால் எஸ்.பி.எஃப் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அது பெரும்பாலும் பி வகைக்கான கணக்கு. ஏ வகையையும் தடுக்கும் என்று எழுதியிருக்க வேண்டும், பி.ஏ என்பதற்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வியர்த்து வழிகிற ஓட்டுநருக்குச் சட்டைதான் நம்பகமானது என்பது என் அபிப்பிராயம்.

அரிப்புக்கு ஈரத்துணி வைத்துக் குளிர்வியுங்கள், வாசனை சேர்க்காத வாசலின் தடவுங்கள். ஸ்டீராய்டு களிம்பு சில நாளுக்குத் தேவைப்படலாம், அதை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். படர்தாமரைக்கென்று கடையில் தருகிற கலவைக் களிம்பைக் கன்னத்தில் போட்டால் அது வேறொரு நோயாக முளைத்துவிடும். மருந்தை மாற்றிய பிறகு சிவப்பும் அரிப்பும் சில வாரத்தில் இறங்க வேண்டும். கருமை மட்டும் மாதக்கணக்கில் நிற்கும், அதற்காகப் பதற வேண்டாம்.

இப்போது எலுமிச்சைக்கு வருகிறேன். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் சோராலன் குடும்பத்துப் பொருட்கள் இருக்கின்றன. அவற்றை ஈரமாகத் தோலில் வைத்துக்கொண்டு வெயிலில் போனால், யாருக்கு வேண்டுமானாலும், ஒவ்வாமை இல்லாதவருக்கும், அந்த இடம் வேகும். உடனே தெரியாது, அதுதான் ஏமாற்று. ஒரு நாள் கழித்துச் சிவந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கட்டி, பிறகு கரியால் இழுத்ததுபோலக் கறுத்துவிடும். கோடையில் கோட்டைப் பக்கம் ஜூஸ் கடையில் வேலை செய்த ஒரு பையனை அவன் அம்மா கூட்டிவந்தார், யாரோ சூடு வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். வலது கட்டைவிரல் இடுக்கில் கறுப்பு, அங்கிருந்து மணிக்கட்டு வழியாக முழங்கை வரை சாறு வழிந்த மாதிரியே ஒழுகிய கோடுகள், நடுநடுவே சொட்டு விழுந்த புள்ளிகள். அவன் தோலில் அந்தப் பழம் போட்ட கையெழுத்து அது. மாத்திரையால் வருவது வெளிச்சம் விழுந்த பரப்பு முழுக்கப் பரவும், செடியாலும் பழத்தாலும் வருவது சாறு பட்ட வழியைத்தான் காட்டும். அத்திப் பாலும் அருவதா இலையும் இதே வேலையைச் செய்யும்.

உங்கள் வீட்டு நலங்கு மாவில் கார்போக அரிசி போட்டு அரைக்கிறீர்களா என்றும் மாமியாரிடம் கேளுங்கள். வெண்புள்ளிக்கு மருத்துவத்தில் கொடுக்கும் சோராலனே அந்த விதையில் இருக்கிறது. தோலைக் கறுக்க வைக்கத்தான் அது அங்கே பயன்படுகிறது. தேய்த்ததும் நன்றாகக் கழுவிவிடுகிறவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, ஆனால் ஏற்கெனவே வெயிலுக்குக் கோபித்திருக்கும் உங்கள் வீட்டுக்காரர் கையில் அது வேண்டாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எலுமிச்சையை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கன்னம் இரண்டிலும் மூக்கு மேலும் ஒரே மாதிரி சிவந்து கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், காய்ச்சல் இருந்தால் நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது, லூபஸ் என்ற வேறொரு நோய்க்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். கண்ணிலோ வாயிலோ புண், உடம்பெல்லாம் கொப்புளம் என்றால் வாரம் எல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்கு.

அதெல்லாம் இல்லை என்றால், மருந்து மாற்றும் நாளன்று அவர் வலது கையையும் தாடைக்கு அடியையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுங்கள். இரண்டு மாதமாகியும் அரிப்பு நிற்கவில்லை, அல்லது சட்டைக்குள் புதிதாக வருகிறது என்றால் அந்தப் படங்களோடு தோல் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதுகில் சந்தேகப் பொருட்களை ஒட்டி, அளந்து வெளிச்சம் கொடுத்துப் பார்க்கிற சோதனை செய்வார்கள். உங்கள் தம்பி சொல்லும் பார்த்தீனியத்தையும் அதிலேயே சோதித்துவிடலாம்.